தலைப்பில் கண்ட இடைவெளி: இருக்கிற பக்கத்தை மாற்றலாமா, புதிது எழுதலாமா?

வணக்கம் நண்பர்களே. இரும்பு தோசைக்கல் விற்கிறேன். ‘இரும்பு தோசைக்கல் பழக்குவது எப்படி’ என்று மறைநிலைச் சாளரத்தில் கூகுளில் தேடி, முதல் பக்கத்தில் வந்த தலைப்புகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். கூகுள் சில தலைப்புகளைத் தானே மாற்றிக் காட்டும் என்பதால், ஒவ்வொரு பக்கத்தின் மூலநிரலையும் திறந்து `<title>` வரியையும் பார்த்துக்கொண்டேன்.

‘எளிய முறை’, ‘ஒரே நாளில்’, ‘புதிய கல்’ என்ற சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. துருப்பிடித்த பழைய கல்லைப் பற்றி ஒரு தலைப்பும் இல்லை. என்னிடம் வாங்குபவர்கள் அதிகம் கேட்பதோ அதைத்தான்!

யாரும் தேடாததால்கூட அந்தச் சொல் விடுபட்டிருக்கலாம் என்று சர்ச் கன்சோலைப் பார்த்தேன். ‘தோசைக்கல் துரு நீக்க’ என்ற தேடலுக்கு என் பழைய பக்கம் சில முறை தோன்றியிருக்கிறது, ஆனால் கிளிக் இல்லை. அந்தப் பக்கத்தில் துருவைப் பற்றி இரண்டே வரிதான் இருக்கிறது.

அதனால் தலைப்பை மட்டும் மாற்றினால் வருபவர்கள் ஏமாந்து போவார்கள். துருவுக்குத் தனிப் பக்கம் எழுதினால், இரண்டு பக்கங்களும் ஒரே தேடலுக்கு மோதிக்கொள்ளுமா? இல்லை, பழைய பக்கத்திலேயே அந்தப் பகுதியை விரித்து எழுதிவிட்டு, அப்புறம் தலைப்பை மாற்றுவது நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.