உயரமான இடத்தில் ஆக்சிஜன் கர்வ் எந்தப் பக்கம் நகரும்? வைவாவில் மாட்டிக்கொண்டேன்

முதலாண்டு_மாணவி:
காய்ச்சலிலும் அசிடோசிஸிலும் வலப்பக்கம், சரி. உயரத்திலும் 2,3-டிபிஜி கூடுவதால் வலப்பக்கம் என்றேன். "வேகமாக மூச்சு வாங்கி ஆல்கலோசிஸ் வருமே, அது இடப்பக்கம் இழுக்காதா?" என்று எக்ஸாமினர் கேட்டார். எது சரி?

செகண்ட்_இயர்_அண்ணன்:
மூன்றுமே ரைட் ஷிஃப்ட்தான்மா. வலப்பக்கம் போனால் திசுவுக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும். அப்படியே எழுது.

பிசியாலஜி_டியூட்டர்:
தம்பி சொன்னது தரைமட்டத்துக்குப் பொருந்தும். கணக்குப் போட்டே பாருங்கள். P50 27, தமனியில் PO2 95 என்றால் செறிவு சுமார் 97%. திசுவில் 40க்கு இறங்கும்போது 74%. அதாவது 23 பங்கு இறக்கப்படுகிறது. pH 7.2 ஆனால் P50 ஏறக்குறைய 33.5. நுரையீரலில் 94% ஏறுகிறது, திசுவில் 62%தான் மிஞ்சுகிறது. இறக்கியது 32. ஏற்றத்தில் இழந்தது கொஞ்சம், இறக்கத்தில் கிடைத்தது நிறைய. தமனி PO2 கர்வின் தட்டையான பகுதியில் இருப்பதால்தான் இந்த லாபம்.

இப்போது மிக உயரத்துக்குப் போங்கள்: தமனி 30, திசு 15. P50 33.5 என்றால் 43% ஏறி 10% மிஞ்சும், கிடைப்பது 33. P50 20 என்றால் 75% ஏறி 31% மிஞ்சும், கிடைப்பது 44. செங்குத்தான பகுதியில் இடப்பக்கமே மேல். 2007இல் எவரெஸ்டில் 8,400 மீட்டரில் எடுத்த ரத்தத்தில் தமனி PO2 சராசரி 25க்கும் கீழே. உச்சியில் மூச்சு வாங்கும் வேகத்தில் pH 7.7ஐத் தாண்டும் என்பது 1981 பயணக் குழுவின் கணக்கு. அங்கே ஆல்கலோசிஸ்தான் காப்பாற்றுகிறது.

வீட்டில்_ஒரு_அம்மா:
பையனுக்கு 103 டிகிரி காய்ச்சல், ஆக்சிமீட்டர் 90 காட்டுகிறது. கர்வ் நகர்ந்ததுதான் காரணமா?

பிசியாலஜி_டியூட்டர்:
இல்லைங்க. அந்தக் காய்ச்சல் மட்டும் குறைப்பது ஒன்றிரண்டு புள்ளிதான். விரல் சில்லென்று இருந்தாலும் கருவி தப்பாகக் காட்டும். விரலைச் சூடாக்கி ஒரு தடவை பாருங்கள். அப்போதும் 90 என்றால் நுரையீரலைத்தான் சந்தேகிக்க வேண்டும், உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

முதலாண்டு_மாணவி:
நன்றி மேம். அப்போ லே மாதிரி 3,500 மீட்டரில் சில நாள் தங்கினவருக்கு?

பிசியாலஜி_டியூட்டர்:
அங்கே டிபிஜி வலப்பக்கமும் ஆல்கலோசிஸ் இடப்பக்கமும் இழுத்து, P50 பெரும்பாலும் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். பரீட்சையில் இரண்டையும் எழுதி, எவ்வளவு உயரம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

செகண்ட்_இயர்_அண்ணன்:
அப்படியென்றால் டிபிஜி கூடுவதால் உண்மையில் பலன் உண்டா மேம், இல்லை ஆல்கலோசிஸின் பக்க விளைவா?

பிசியாலஜி_டியூட்டர்:
pH ஏறினால் செவ்வணுவில் டிபிஜி உற்பத்தி கூடுவது உறுதி. அது உடலுக்கு உதவுகிறதா என்பதில் இன்னும் ஒரே கருத்து இல்லை. நான் மிதமான உயரத்தில் மட்டும் உதவும் என்ற பக்கம்.