ஒரே பாலிசிக்கு இரண்டு காப்பி, போனஸ் மட்டும் வேறு வேறு: மீதிப் பணம் கொடுக்கலாமா?

பாளை வாசகன்:
2019 ஜூனில் பதிவான பெட்ரோல் கார், டிஎன் 69, தூத்துக்குடிப் பக்கம் ஓடியது. ஒரே ஓனர், ஒரு கிளைமும் இல்லை என்கிறார் புரோக்கர். அட்வான்ஸ் பத்தாயிரம் கொடுத்துவிட்டேன், வெள்ளிக்கிழமை மீதியைக் கேட்கிறார்கள். புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாலிசியில் நோ கிளைம் போனஸ் 50 சதவீதம். நேற்று வண்டியைப் பார்க்கப் போனபோது டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்த ஜெராக்ஸில் அதே பாலிசி நம்பருக்கு 20 சதவீதம். போன ஜூனில் (2025) புதுப்பித்தது. எதை நம்புவது?

வண்ணார்பேட்டை மணி:
எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள், இன்சூரன்ஸ் உயிரோடு இருந்து ஃபைனான்ஸ் பாக்கியும் இல்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. 50, 20 எல்லாம் டைப்பிங் தவறாக இருக்கும்.

சர்வேயர் அண்ணாச்சி:
மணி சொல்வது பாதிதான் சரி. அந்த ஆப்பில் கம்பெனி பெயரும் முடியும் தேதியும் வரும், கிளைம் வந்ததா என்பது வராது. பாளைத் தம்பி, சதவீதத்தை விடுங்கள், பிரீமியம் பக்கத்தில் ரூபாயைப் பாருங்கள். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் எவ்வளவு, போனஸ் என்று கழித்தது எவ்வளவு? இரண்டு காப்பியிலும் பார்த்துச் சொல்லுங்கள்.

பாளை வாசகன்:
இரண்டிலும் 8,400, கழித்தது 1,680. அண்ணாச்சி, 50 சதவீதம் என்றால் 4,200 அல்லவா கழித்திருக்க வேண்டும்!

சர்வேயர் அண்ணாச்சி:
அப்படியானால் புரோக்கர் அனுப்பியதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். சதவீதத்தை மாற்றியவர் ரூபாயைக் கவனிக்கவில்லை. ஜெராக்ஸ்தான் நிஜம்.

இப்போது வருடத்தை எண்ணுங்கள். கிளைமே இல்லாத வண்டிக்கு 2020 ஜூனில் 20, அடுத்த வருடங்களில் 25, 35, 45, பிறகு 2024 ஜூனில் 50 வந்திருக்கும், அதற்கு மேல் ஏறாது, 2025-லும் அதே 50-தான். இந்த வண்டிக்கு 2025-ல் 20 என்றால், 2024 ஜூனில் பூஜ்யத்தில் இருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறது. அதாவது 2023 ஜூனுக்கும் 2024 ஜூனுக்கும் நடுவில் ஒரு கிளைம். அந்த இடைவெளியில்தான் 2023 டிசம்பர் வெள்ளம் வந்தது, தூத்துக்குடி வண்டி வேறு. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

அவசரப்பட்டு முடிவு செய்யவும் வேண்டாம். பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் போனஸ் போய்விடும். அதனால் 2023, 2024 பாலிசிகளையும் கேளுங்கள்.

மேலப்பாளையம் ஷேக்:
நானும் போன வருடம் பழைய கார் வாங்கினேன், ஆர்சி என் பெயருக்கு மாறிவிட்டது, பாலிசியை மட்டும் மாற்றவில்லை. ரெண்டு மாதத்தில் பம்பர் உடைந்து கிளைம் போட்டால் தர மாட்டோம் என்றார்கள். அந்தப் பாலிசியில் இருந்த 50 சதவீத போனஸ் எனக்குக் கிடைக்குமா?

சர்வேயர் அண்ணாச்சி:
ஷேக் பாய், போனஸ் ஆளுக்கு உரியது, வண்டிக்கு இல்லை, விற்றவரோடு போய்விடும். கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்க வேண்டும். கிளைமை மறுத்ததைக் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பேசலாம்.

பாளைத் தம்பி, கிளைம் விவரத்தை உங்களிடம் கம்பெனி சொல்லாது, ஓனரிடம் சொல்லும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போனுக்கு ஓடிபி வரவைத்து, கம்பெனி தளத்திலேயே பாலிசியை இறக்கச் சொல்லுங்கள். அவருடைய பதிவான மெயிலில் இருந்தே, இந்த மூன்று பாலிசியிலும் வந்த கிளைம், தேதி, தொகை, சேதத்தின் தன்மை என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

வண்டியில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியில் தெரிகிற பகுதியைக் கழுவிவிடுவார்கள், சுருளுக்குள் இருக்கும் கடைசி ஒரு அடியில் சேற்றுக் கோடு நிற்கும். ஸ்டெப்னி குழியின் விளிம்பையும், டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் கனெக்டர்களின் இடுக்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வண்ணார்பேட்டை மணி:
கதவில் கீறல் விழுந்து பெயிண்ட் அடித்திருந்தாலும் கிளைம்தானே? வெள்ளம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

சர்வேயர் அண்ணாச்சி:
சொல்லவில்லை, அதனால்தான் தொகையைக் கேட்கச் சொல்கிறேன். இரண்டாயிரமும் மூன்று லட்சமும் போனஸ் கட்டத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். போனஸைக் காப்பாற்றும் தனி கவர் எடுத்திருந்தால் கிளைம் போட்ட பிறகும் 50 நிற்கும், அதையும் மறக்காதீர்கள்.

பாளை வாசகன்:
இன்று போனேன். டிரைவர் பக்க பெல்ட் சுத்தம், ஆனால் பின் சீட் நடு பெல்ட்டின் அடியில் பழுப்பாக ஒரு கறை, சேறா காப்பி கொட்டியதா தெரியவில்லை. கார்ப்பெட் மட்டும் புத்தம்புதுசு. ஓனர் மெயில் அனுப்பச் சம்மதித்துவிட்டார், புரோக்கருக்குத்தான் கோபம். பதில் வரும் வரை வெள்ளிக்கிழமைப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அட்வான்ஸ் திரும்ப வருமா என்று தெரியவில்லை.