மாலை போட்ட அன்றிரவே வந்த வலிப்பு: உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்ததா?

செல்வி, அல்சூர், பெங்களூரு:
என் அண்ணனுக்கு 46 வயது. பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பல ஆண்டுகளாகத் தினமும் அரை பாட்டில் பிராந்தி குடிப்பவர், கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் ஒரு சொட்டும் தொடமாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய வாரமே மீண்டும் தொடங்கிவிடுவார். 2016இல் அப்படி நிறுத்தியபோது இரண்டு நாள் கை நடுங்கியது. காப்பி டம்ளரை இரு கைகளாலும் பிடித்துக் குடித்தார், அவ்வளவுதான். 2018இல் வாந்தியும் வியர்வையுமாக மூன்று இரவுகள் தூங்கவில்லை. 2020 மார்ச் ஊரடங்கில் மதுக்கடைகள் மூடியதால் தானாகவே நின்றது. அப்போது சுவரில் எறும்பு ஊர்கிறது என்று சொல்லி, வெறும் சுவரைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார். மே 4ஆம் தேதி கடைகள் திறந்ததும் பழையபடி ஆனது. 2022இல் மாலை போடுவதற்கு முந்தைய இரவு பத்து மணிக்குக் கடைசியாகக் குடித்தவர், மறுநாள் இரவு ஒன்பது மணிக்குப் பூஜை அறையில் நின்றபடியே விறைத்து விழுந்தார். நாக்கு கடிபட்டு வாயில் இரத்தம் வந்தது. குடிக்கும் அளவு இத்தனை ஆண்டுகளில் கூடவே இல்லை. பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் இப்படி மோசமாகிறது?

முருகேசன், ஜாலஹள்ளி:
வயது ஏற ஏற உடம்பு தாங்காது, கல்லீரலும் கெட்டிருக்கும். என் மைத்துனருக்கும் இதே போல வலிப்பு வந்தது. அதன் பிறகு ஃபெனிட்டாயின் மாத்திரையை வீட்டிலேயே வைத்திருக்கிறோம். அதைக் கொடுத்துவிட்டு நிறுத்தினால் பயமில்லை.

மேரி, ஓய்வு பெற்ற செவிலியர்:
வயதுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் முருகேசன் சார் சொன்னது பாதி சரி. ஆனால் அந்த மாத்திரையை நம்பி நிறுத்த வேண்டாம். மது நின்றதால் வரும் வலிப்பை ஃபெனிட்டாயின் தடுப்பதில்லை. நான் வேலை பார்த்த போதை மீட்பு வார்டில் அதைக் கொடுத்த பிறகும் விழுந்தவர்களைத் தூக்கியிருக்கிறேன். அங்கே கொடுப்பது குளோர்டயசெபாக்சைடு. கல்லீரல் மோசமாக இருந்தால் லோராசெபாம்.

செல்வி, தினமும் மது போகும் மூளை, அந்த மயக்கத்தைச் சமாளிக்கத் தன் அமைதிப்படுத்தும் பக்கத்தைக் குறைத்து, தூண்டும் பக்கத்தை ஏற்றி வைத்துக்கொள்கிறது. திடீரென மது நின்றால் அந்தத் தூண்டல் மட்டும் தடையின்றி நிற்கும். ஒவ்வொரு திடீர் நிறுத்தமும் ஒரு தழும்பை விட்டுச் செல்வதால், அடுத்த முறை அதே அளவு மது நின்றாலும் மூளை முன்பைவிட எளிதில் பற்றிக்கொள்கிறது. 1960களில் கோடார்ட் என்பவர், முதலில் எதுவுமே செய்யாத சிறு மின்தூண்டலை எலிகளின் மூளைக்குத் தினமும் கொடுத்துவந்தபோது, சில நாட்களில் அதே தூண்டலுக்கே வலிப்பு வந்ததைக் கண்டார். மது நிறுத்தத்திலும் அதுவே நடக்கலாம் என்று 1978இல் பாலெஞ்சரும் போஸ்டும் எழுதினார்கள். உங்கள் அண்ணன் வீட்டிலேயே நான்கு முறை மருந்தில்லாமல் இந்தத் தூண்டலுக்கு ஆளாகியிருக்கிறார். விரதம் அவர் மனத்துக்கு நல்லதுதான், ஆனால் மூளை அதை நிறுத்தம் என்று மட்டுமே கணக்கு வைத்திருக்கிறது.

வார்டில் நாங்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதோடு, இதற்கு முன் எத்தனை முறை நிறுத்தினீர்கள், வலிப்போ பிதற்றலோ வந்ததா என்றும் கட்டாயம் கேட்போம். வலிப்பு வந்தவர் என்றால் நடுக்கம் தொடங்கும்வரை காத்திராமல் முதல் நாளிலிருந்தே மருந்து கொடுப்போம். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். குழப்பமும் பிதற்றலும் மூன்றாம், நான்காம் நாட்களில் வரலாம். வலிப்பு நின்றதும் ஆபத்து முடிந்தது என்று அழைத்துப் போய்விட்ட குடும்பங்கள் மறுநாள் இரவு அவரைக் கட்டித் தூக்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தினேஷ், மடிவாளா:
அப்படியென்றால் நிறுத்துவதைவிடக் குடித்துக்கொண்டே இருப்பது பாதுகாப்பு என்கிறீர்களா அம்மா? நான் சனிக்கிழமை மட்டும் இரண்டு பீர் குடிப்பேன். எனக்கும் வலிப்பு வருமா?

மேரி:
தம்பி, நீங்கள் சொல்வது தினசரிக் குடி அல்ல. அந்த அளவை நிறுத்துவதால் வலிப்பு வராது. நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலிப்பு கண்டவர் வீட்டில் தனியாக, ஒரே நாளில் நிறுத்தக்கூடாது என்கிறேன். மருத்துவமனையில் இடம் உறுதியாகும்வரை அவரைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள்.

முருகேசன்:
அந்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கிறேன். ஆனால் வயதும் குடித்த ஆண்டுகளும் சேர்ந்துதானே கூடுகின்றன? இத்தனையாவது நிறுத்தம் என்பதுதான் காரணம் என்று எப்படிப் பிரித்துச் சொல்கிறீர்கள்?

மேரி:
எலிகளில் பிரித்துப் பார்க்கலாம். மனிதர்களில் பெரும்பாலும் பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்த்தே சொல்கிறார்கள். வலிப்பு வந்தவர்களிடம் முந்தைய நிறுத்தங்கள் அதிகம் இருந்தன. ஆண்டுகளின் பங்கை அதில் முழுமையாகக் கழிக்க முடியாது. ஆனாலும் குடி அளவு ஏறாமலேயே படிப்படியாக மோசமான செல்வியின் அண்ணனைப் போன்றவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செல்வி:
அம்மா, கார்த்திகைக்கு இரண்டு வாரம் முன்பே அவரை வார்டில் சேர்த்துவிட்டு, பிறகு மாலை போடச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அவரோ, மருந்து எடுத்துக்கொண்டு விரதம் தொடங்கினால் அது விரதம் ஆகுமா என்று குருசாமியிடம் கேட்கப் போயிருக்கிறார். 2016 முதல் எந்த ஆண்டு என்ன நடந்தது என்று தேதியோடு ஒரு தாளில் எழுதி, அவருடைய மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.