கலைச்சொல் தேவை: படங்களின் ஓரத்தில் தோன்றும் ஊதா நிறம்

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒளிப்படங்களைத் திருத்த உதவும் RawTherapee செயலிக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். அதில் `Defringe` என்னும் கருவிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. நண்பகல் வானத்தின் முன் பனையோலையைப் படமெடுத்தால் ஓலையின் ஓரத்தில் ஓர் ஊதா நிறம் ஒட்டிக்கொண்டு வருமல்லவா, அதற்கு ‘ஊதா விளிம்பு’ என்றும், அதைப் போக்கும் கருவிக்கு ‘விளிம்பு நீக்கி’ என்றும் எழுதியிருக்கிறேன். ஆனால் ‘விளிம்பு நீக்கி’ என்று படிப்பவர் படத்தின் ஓரங்களை வெட்டும் கருவி என்றே எண்ணிக்கொள்வார். ‘ஊதாக்கரை’ என்றால் புடைவைக் கரை நினைவுக்கு வருகிறது. அதுவும் வாயால் சொல்லும்போது பலர் காதில் ‘கறை’ என்றே விழும். வேறு சொல் தாருங்கள்.

ஞானசேகரன் எழுதியது:

இயற்பியல் பாடநூலில் ‘நிறப்பிறழ்ச்சி’ என்ற சொல் நெடுங்காலமாக இருக்கிறது. லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு அளவில் வளைப்பதால் வருவதுதான் இந்தக் குறை என்பதால், கருவியை ‘நிறப்பிறழ்ச்சி நீக்கி’ என்றாலே போதும். புதுச்சொல் எதற்கு? மேலும் அப்பர்ச்சரை f/8 அளவுக்குச் சுருக்கி எடுத்தால் இந்தக் குறை எழாது. பிறகு நீக்கவும் வேண்டியதில்லை.

கதிரவன் எழுதியது:

ஐயா, நிறப்பிறழ்ச்சி என்ற சொல்லை நானும் விரும்புகிறேன். ஆனால் அது தாய்ச்சொல். அதன் கீழ் இரண்டு தனித்தனிக் குறைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால் மருந்தும் மாறிப்போகும்.

முதலாவதில், எல்லா நிறங்களும் ஒரே தளத்தில் கூர்மையாக விழுகின்றன. ஆனால் ஒரு நிறத்தின் பிம்பம் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கிறது. ஆகவே படத்தின் நடுவில் குறை தெரியாது, மூலையை நோக்கிப் போகப்போகக் கூடும், ஓலையின் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறு பக்கம் அதன் எதிர்நிறமும் தெரியும். நீங்கள் சொன்ன அப்பர்ச்சர் வைத்தியம் இதைத் தொடாது. F/8 அன்று, f/16 வரை சுருக்கினாலும் அது அப்படியே இருக்கும்.

இரண்டாவதில், நிறங்கள் வெவ்வேறு தொலைவில் குவிகின்றன. பச்சை கூர்மையாக விழும் இடத்தில் நீலமும் சிவப்பும் பரவி விழுவதால், வெளிச்சமான வானத்திலிருந்து அந்த இரண்டும் இருண்ட ஓலைக்குள் வழிந்து, ஓலையின் இருபுறமும் ஒரே ஊதாவைப் பூசுகின்றன. படத்தின் நடுவிலும் இது வரும். அப்பர்ச்சரைச் சுருக்கினால் குறைவதும் இதுதான். வானம் வெளுத்துப்போகும் அளவுக்கு ஒளி மிகுந்துவிட்டால், மங்கலாகப் பரவும் அந்த நிறமும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வலுத்துவிடும் என்பதால், ஒளியை ஒரு ஸ்டாப் குறைத்து எடுப்பதும் உதவும்.

மலர்விழி கேட்கும் `Defringe` பெரும்பாலும் இரண்டாவதற்கான கருவி. முதலாவதற்கு அதே செயலியில் `Chromatic Aberration` என்று வேறொரு கருவி இருக்கிறது. எந்தக் குறை என்று அறிய, படத்தை நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி நடுவிலும் மூலையிலும் பாருங்கள். ஓரங்களின் நிறம் இருபுறமும் வேறா, ஒன்றா என்பது உடனே தெரிந்துவிடும்.

அந்தோணி எழுதியது:

நான் முப்பது ஆண்டுகளாக அச்சகம் நடத்துகிறேன். நீங்கள் சொல்வது எங்கள் தொழிலில் அன்றாடம் வருவதுதான். நான்கு நிறத் தகடுகளில் ஒன்று சற்று நகர்ந்துவிட்டால் எழுத்தின் ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் நீலமும் தெரியும். ‘ரிஜிஸ்டர் விலகிவிட்டது’ என்போம். தகட்டைச் சரியாகப் பொருத்தினால் போய்விடும். உங்கள் அச்சகத்தாரிடம் சொல்லிப் பாருங்கள். படத்தில் குறை இருக்காது.

கதிரவன் எழுதியது:

அந்தோணி அண்ணா, இந்த நிறம் அச்சுக்கு முன்பே, கேமராவுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஆனால் எங்களுக்கு வேண்டிய சொல்லை நீங்கள்தாம் தந்திருக்கிறீர்கள். முதற்குறை உண்மையில் ஒரு தகடு விலகியது போன்றதே. ஒரே வேறுபாடு, அது ஒரு பக்கமாக நகரவில்லை, நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் விரிந்திருக்கிறது. ஆகவே அதை ‘நிறவிலகல்’ என்று அழைக்கலாம்.

மருந்தும் அச்சகத்து மருந்துதான். என்னிடமுள்ள ஒரு படம் 6000×4000 பிக்சல். நடுவிலிருந்து மூலைவரை ஏறத்தாழ 3600 பிக்சல். மூலையருகே இருண்ட ஓலைநுனியில், நடுவை நோக்கிய ஓரத்தில் சிவப்பும் வெளி ஓரத்தில் பச்சைநீலமும் 2 பிக்சல் அகலத்துக்குத் தெரிந்தன. அப்படியானால் சிவப்புப் பிம்பம் 2/3600, அதாவது ஏறத்தாழ 0.00056 பங்கு பெரிதாக இருக்கிறது. சிவப்புச் சேனலை மட்டும் 0.99944 மடங்காகச் சுருக்கினால் மூலையில் 2 பிக்சலும் பாதி வழியில் 1 பிக்சலும் திரும்பி வந்து பொருந்தும், நடு அசையாது. எந்த நிறமும் அழிக்கப்படுவதில்லை. ஆனால் ஒரு பக்கமாக வெட்டப்பட்ட படத்தில் இது பிழைக்கும், ஏனெனில் படத்தின் நடு இப்போது லென்ஸின் நடுவாக இருக்காது.

தாமரை எழுதியது:

என் வழக்கையும் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் ஒரு திருமணப் படத்தில், f/1.8 வைத்து எடுத்ததால், மணப்பெண்ணின் மூக்குத்தியைச் சுற்றி ஊதா ஒளிர்ந்தது. `Defringe` கருவியை முழுப் படத்துக்கும் வலுவாகப் போட்டேன். மூக்குத்தி சரியாயிற்று, ஆனால் கத்தரிப்பூ நிறப் பட்டுப்புடைவையின் சரிகையோரம் முழுவதும் சாம்பலாகிவிட்டது. படத்தைப் பார்த்த மணப்பெண்ணின் அம்மா, ‘புடைவை சாயம் போய்விட்டதா?’ என்று கேட்டார். இன்றும் மனம் வருந்துகிறது. இதை ‘நீக்கி’ என்று பெயரிட்டால் என்னைப் போலவே பலர் நம்பி ஏமாறுவார்கள்.

கதிரவன் எழுதியது:

தாமரை சொல்வது மிகவும் சரி. அந்தக் கருவி பிம்பத்தைத் திருப்பிப் பொருத்துவதில்லை. கூர்மையான ஓரங்களுக்கு அருகே ஊதாவாக இருக்கும் பிக்சல்களைத் தேடி, அவற்றின் நிறச்செறிவைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அது லென்ஸ் பூசிய ஊதாவா, பட்டு நெய்தவர் போட்ட ஊதாவா என்று அதற்குத் தெரியாது. சரிகை மின்னும் இடமெல்லாம் அதற்கு ஓரமாகவே தோன்றும். அடுத்த முறை `Radius` அளவைச் சிறிதாக வைத்து, `Threshold` அளவை உயர்த்தி, நிற வளைவில் புடைவையின் நிறத்தை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு ஊதாவும் ஒன்றாகவே இருந்தால், மூக்குத்தியை மட்டும் வேறொரு செயலியில் தூரிகையால் தொடுவதே வழி. அப்போதும் அதைச் சுற்றி ஒரு சாம்பல் வளையம் எஞ்சலாம், ஏனெனில் பரவிய ஒளி அங்கேயே இருக்கிறது, நிறம் மட்டுமே போயிருக்கிறது. ஆகவே ‘ஓரநிறத் தணிப்பு’ என்பதே நேர்மையான பெயர் என்று கருதுகிறேன்.

ஞானசேகரன் எழுதியது:

அப்பர்ச்சர் பற்றி நான் சொன்னது பாதிக்குத்தான் பொருந்தும் என்பதை ஏற்கிறேன். ‘நிறவிலகல்’, ‘ஓரநிறத் தணிப்பு’ இரண்டும் எனக்கு உடன்பாடே. ஆனால் குறையின் பெயரில் ‘ஊதா’ வேண்டாம். நிறமாலையின் கடைசி நிறத்தையே பாடநூல் ஊதா என்கிறது. இங்கே தெரிவது நீலமும் சிவப்பும் கலந்தது. எங்கள் பக்கத்தில் பழைய தலைமுறையினர் நீல மையையே ஊதா மை என்பார்கள்.

மலர்விழி எழுதியது:

நன்றி. கையேட்டில் `Chromatic Aberration` கருவிக்கு ‘நிறவிலகல் திருத்தம்’ என்றும், `Defringe` கருவிக்கு ‘ஓரநிறத் தணிப்பு’ என்றும் மாற்றிவிட்டேன். தாமரையின் புடைவை நிகழ்ச்சியை, அவர் இசைந்தால், எச்சரிக்கையாகச் சேர்க்க விரும்புகிறேன். குவியும் தொலைவு மாறுவதால் வரும் குறைக்கு ‘குவிய நிறப்பிறழ்ச்சி’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன், நீளமாக இருக்கிறது. ஊதாவுக்கு மாற்றாகக் ‘கத்தரிப்பூ ஓரம்’ என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் குவியத்துக்குப் பின்னால் இருக்கும் பொருள்களில் இதே குறை பச்சையாகத் தெரிகிறதே, அதையும் உள்ளடக்கும் ஒரு சொல் இருக்கிறதா?