நேர்காணல் அழைப்புக் கடிதம்: வெளியூர்க்காரர்கள் தாமதமாக வருகிறார்கள், எதை மாற்றலாம்?

கிண்டி அலுவலகம்:
கிண்டி தொழிற்பேட்டையில் சிறிய நிறுவனம். கணக்கு உதவியாளர் பணிக்குச் சிலரைத் தேர்ந்தெடுத்து அழைத்தோம். திருநெல்வேலிக்காரர் பதினொன்றரைக்கு வந்தார். அதற்குள் தணிக்கையாளர் கிளம்பிவிட்டார். இன்னொருவர் காணொளி நேர்காணல் என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிட்டார். அனுப்பிய கடிதம் இதுதான்:

"வரும் திங்கள் காலை 10 மணிக்கு நேர்காணலுக்கு வரவும். அசல் சான்றிதழ்கள் கொண்டு வரவும். கோயம்பேட்டிலிருந்து பஸ் உண்டு."

பழைய மனிதவளம்:
தென்மாவட்ட அரசு விரைவுப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. உங்கள் கடிதத்தை நம்பியவர் அங்கிருந்து கோயம்பேடு போய், பிறகு கிண்டிக்குத் திரும்பியிருப்பார். கிண்டி வழியிலேயே இருக்கிறது!

இப்படி எழுதுங்கள்: "பஸ்ஸில் வருவோர் கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் கிண்டியில் இறங்கவும். நெல்லை எக்ஸ்பிரஸில் வருவோர் எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே மாறிக்கொள்ளவும். கிண்டி நிலையத்தில் தொழிற்பேட்டைப் பக்கம் வெளியே வரவும், ரேஸ்கோர்ஸ் பக்கம் அல்ல." வாசலின் வரைபட இணைப்பும், அன்று போனை எடுப்பவரின் எண்ணும் வேண்டும். இரவுப் பயணம் செய்து வருபவருக்குப் பத்து மணி கொடுமை, பதினொன்றரை கொடுங்கள்.

"நேரில் மட்டும், காணொளி வழி இல்லை" என்பது தேதிக்கு அடுத்த வரியிலேயே இருக்கட்டும். தேதியோடு கிழமையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் உடனே போன் வரும், தவறு முன்கூட்டியே பிடிபடும்.

வேலூர் வாசகர்:
அசல் சான்றிதழ்களை அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் சேர்ந்த பிறகு ஓடமாட்டார்கள்.

பழைய மனிதவளம்:
அசலைக் கொண்டுவரச் சொல்வது சரி, பிடித்துவைப்பது சரியல்ல. "அசல் சரிபார்த்த உடனே திருப்பித் தரப்படும், சுயசான்றொப்பமிட்ட நகல் ஒரு தொகுப்பு போதும்" என்று எழுதினால் நல்ல ஆட்கள் பயமின்றி வருவார்கள்.

பி.காம். பட்டதாரி:
எனக்கும் இப்படியொரு கடிதம் வந்திருக்கிறது. பட்டமளிப்பு விழா நடக்கவில்லை, தற்காலிகச் சான்றிதழ்தான் கையில் இருக்கிறது. போகலாமா?

பழைய மனிதவளம்:
எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களோடு போங்கள். ஆனால் முந்தைய நாளே கடிதத்திலுள்ள எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். கிண்டி நண்பரே, உங்கள் கடிதத்திலும் "பட்டச் சான்றிதழ் அல்லது தற்காலிகச் சான்றிதழ்" என்று இருக்கட்டும்.

கிண்டி அலுவலகம்:
குழுவில் யார் யார் என்று போடலாமா? முதலாளி வேண்டாம் என்கிறார், சிபாரிசு வந்துவிடுமாம்.

பழைய மனிதவளம்:
பெயர் வேண்டாம், பதவி போதும்: கணக்கு மேலாளர், வெளித் தணிக்கையாளர், நிர்வாக இயக்குநர். தணிக்கையாளர் இருக்கிறார் என்று தெரிந்தால் ஜிஎஸ்டி கேள்விகளுக்குத் தயாராகி வருவார்கள்.

வேலூர் வாசகர்:
பெயர் போடுவதுதான் மரியாதை. சிபாரிசு எப்படியும் வரத்தான் செய்யும்.