எரிபங்கா, முறைப்பங்கா? எல்இடி வெளிச்சத்தைக் குறைக்கும்போது நமக்குத் தேவைப்படும் சொற்கள்

கோத்தகிரியிலிருந்து, பள்ளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் மன்றப் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையால் மங்கவைப்பதுதான் பாடம். விளக்கை வேகமாக எரியவைத்து அணைத்து வெளிச்சத்தைக் குறைக்கும் பிடபிள்யூஎம் முறைக்குத் ‘துடிப்பு அகலப் பண்பேற்றம்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. நீளமானாலும் அதை மாற்றச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் விளக்கு எரியும் நேரத்தின் பங்கைக் குறிக்கும் டூட்டி சைக்கிளுக்குத்தான் தடுமாறுகிறேன். ‘கடமைச் சுழற்சி’ என்று எழுதினால் பிள்ளைகள் யாருடைய கடமை என்று கேட்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. வெளிச்சத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டு, போனை ஸ்ட்ரிப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படம் எடுத்தால் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காரணம் புரிந்தால் சொல்லும் அமையும் என்று நினைக்கிறேன்.

கொடைக்கானலிலிருந்து, வயரிங் வேலை செய்பவர்:

டீச்சர், இது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸால் வருவது. பழைய சோக் வைத்த டியூப்லைட் எரியும் கடையில் வீடியோ எடுத்தாலும் இப்படிப் பட்டை ஓடும். போனின் கேமரா அமைப்பில் 60 என்று இருந்தால் 50க்கு மாற்றுங்கள், போய்விடும். சொல்லுக்கு என் யோசனை ‘மின்னுவேகம்’. வேகமாக மின்னினால் வெளிச்சம் கூடும், மெதுவாக மின்னினால் குறையும், அவ்வளவுதானே.

குன்னூரிலிருந்து, ஓய்வுபெற்ற மின்னணுப் பொறியாளர்:

தம்பி சொன்னது டியூப்லைட்டுக்குச் சரி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். அந்த அமைப்பை 50க்கு மாற்றினால் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை 10 மில்லிநொடி, 20 மில்லிநொடி என்று வைத்துக்கொள்ளும். ஏற்ற இறக்கம் முழுதாக உள்ளே அடங்கிவிடுவதால் பட்டை மறையும்.

டீச்சர் வீட்டுப் பட்டை அந்த வகையா என்று அறிய ஒரு வழி உண்டு. அடுத்த தடவை கரண்ட் போகும்போது ஸ்ட்ரிப்பையும் ஆர்டுயினோவையும் 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் படம் எடுங்கள். பேட்டரியில் 50 ஹெர்ட்ஸ் எதுவும் கிடையாது. அப்போதும் பட்டை விழுந்தால் அது ஆர்டுயினோவின் துடிப்பிலிருந்து வருவது.

‘மின்னுவேகம்’ மட்டும் வேண்டாம். வேகம் மாறுவதே இல்லை. ஊனோவின் 9ஆம் பின்னில் `analogWrite` போட்டால் எந்த வெளிச்சத்திலும் நொடிக்கு 490 துடிப்புதான். ஒரு துடிப்பின் மொத்த நேரம் ஏறத்தாழ 2 மில்லிநொடி. அதில் எவ்வளவு நேரம் எரிகிறது, எவ்வளவு நேரம் அணைந்திருக்கிறது என்பதுதான் மாறும். ஐந்தில் ஒரு பங்கு என்றால் 0.4 மில்லிநொடி எரியும், 1.6 மில்லிநொடி அணைந்திருக்கும். சொல்லில் இந்தப் பங்கு தெரிய வேண்டும். ‘எரிபங்கு’ என்று முன்மொழிகிறேன். 20 விழுக்காடு எரிபங்கு என்று கையேட்டில் தயங்காமல் எழுதலாம்.

இனி பட்டை. போன் கேமரா படம் முழுவதையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேல் வரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாகக் கீழே வருகிறது. ஸ்ட்ரிப்பைப் பக்கத்தில் காட்டும்போது வெளிச்சம் அதிகம் என்று கண்டு ஒவ்வொரு வரிக்கும் 1 மில்லிநொடிதான் ஒளி விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அணைந்திருக்கும் நேரமோ 1.6 மில்லிநொடி. ஆகவே சில வரிகளின் முறை வரும்போது விளக்கு எரியவே இல்லை. அவைதான் கறுப்புப் பட்டை. எரிபங்கைக் கூட்டினால் கறுப்பு மெலியும். முழு வெளிச்சத்தில் துடிப்பே இல்லை, அதனால் பட்டையும் இல்லை. பிள்ளைகளிடம் இதைச் செய்து காட்டுங்கள், பட்டை எங்கிருந்து வருகிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பூம்பாறையிலிருந்து, தங்கும் விடுதி நடத்துபவர்:

எங்கள் விடுதி வராந்தாவிலும் ஸ்ட்ரிப் மங்கல்தான். பத்து மீட்டர் ஓட்டியிருக்கிறோம், தொடக்கத்தில் பளிச்சென்றும் கடைசியில் மஞ்சளாகவும் தெரிகிறது. எரிபங்கைக் கூட்டினால் கடைசி முனை சரியாகுமா?

சொல்லைப் பற்றியும் ஒன்று. எங்கள் பக்கம் பூண்டு வயலுக்குத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும்போது வாய்க்காலில் ஓடும் அளவு ஒன்றேதான், யாருக்கு எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு. இதுவும் அப்படித்தான் தெரிகிறது. ‘முறைப்பங்கு’ என்று சொன்னால் ஊரில் எல்லாருக்கும் புரியும்.

குன்னூரிலிருந்து:

அக்கா, உங்களுடையது வேறு பிரச்சினை. ஸ்ட்ரிப்பின் மெல்லிய செம்புத் தடத்தில் வோல்ட் இறங்குகிறது. ஐந்து மீட்டருக்கு ஒரு தடவை தடித்த வயரில் 12 வோல்ட் தனியாகக் கொடுத்தால் சீராகும். எரிபங்கைக் கூட்டினால் இரண்டு முனையும் சேர்ந்துதான் கூடும், வித்தியாசம் அப்படியே இருக்கும்.

‘முறைப்பங்கு’ நல்ல சொல். ஆனால் முறை என்றால் ஒருவர் விட்டதை இன்னொருவர் வாங்குவது. இங்கே விட்ட நேரம் யாருக்கும் போவதில்லை. அதனால்தான் தயங்குகிறேன்.

கோத்தகிரியிலிருந்து:

பேட்டரியில் பார்த்தோம் ஐயா, பட்டை அப்படியே இருந்தது. அப்படியென்றால் துடிப்பை வேகமாக்கினால் தீருமா? கையேட்டில் எந்த அளவு கொடுப்பது?

குன்னூரிலிருந்து:

தீரும், ஓர் எல்லை வரைக்கும். 9, 10ஆம் பின்களுக்கு இதைப் போடுங்கள்:

```
void setup() {
  pinMode(9, OUTPUT);
  TCCR1B = (TCCR1B & 0xF8) | 0x02;
  analogWrite(9, 51);
}
void loop() {}
```

இப்போது நொடிக்கு 3,921 துடிப்பு. 255இல் 51 என்பது அதே 20 விழுக்காடு எரிபங்கு, ஆகையால் கண்ணுக்கு வெளிச்சம் மாறியதாகத் தெரியாது. முன்பு 1 மில்லிநொடியில் அரைத் துடிப்புதான் அடங்கியது. இப்போது ஒவ்வொரு வரிக்கும் ஏறத்தாழ நான்கு துடிப்பு கிடைக்கும். கறுப்பு போய், உற்றுப் பார்த்தால் தெரியும் மெல்லிய கோடுகள்தான் மிஞ்சும். கேமராவில் கையால் நேரம் வைக்க முடிந்தால் 1/8000 நொடி வைத்துப் பாருங்கள், கறுப்புப் பட்டை திரும்ப வரும். துடிப்பு மறையவில்லை, கேமராவின் நேரத்துக்குள் பொதிந்துபோனது, அவ்வளவே.

`0x02` இருக்கும் இடத்தில் `0x01` போட்டால் 31,372 வரை போகும். பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்காதீர்கள். ஸ்ட்ரிப்பை எரியவைத்து அணைக்கும் மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் முனையான கேட் ஒரு சின்ன மின்தேக்கி போன்றது. ஆர்டுயினோ பின் தரும் சிறு மின்னோட்டத்தில் அது நிறையவும் வடியவும் நேரமாகும். அந்த இடைநேரத்தில் மாஸ்ஃபெட் பாதி திறந்து நிற்கும், சூடாகும். 3,921இல் இந்த இடைநேரம் பொருட்டில்லை. அதற்கு மேலே போக கேட்டுக்கென்று தனியாக ஒரு டிரைவர் சிப் வேண்டும். அப்புறம், அதே நிரலில் சர்வோ மோட்டார் ஓட்டினால் அதுவும் இந்தத் துடிப்பைத் தரும் அதே டைமரைத்தான் கேட்கும். இரண்டும் ஒத்துப்போகாது.

கொடைக்கானலிலிருந்து:

ஐயா, வேகம் மாறாது என்பது இப்போது விளங்கிவிட்டது. ஆனால் இதே வேலையை நான் டிசி விசிறிக்கும் செய்கிறேன். விசிறி எரியாதே. எரிபங்கு என்று எழுதினால் மோட்டார்காரர்கள் வேறு சொல் தேட வேண்டிவரும். ‘இயங்குபங்கு’ என்றால் இரண்டுக்கும் ஆகும்.

கோத்தகிரியிலிருந்து:

இயங்குபங்கு பொதுச்சொல்லாக இருக்கட்டும், விளக்குப் பாடத்தில் எரிபங்கு என்றே எழுதப்போகிறேன். பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடுகிறது. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் கூடாது என்பவர்கள் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் கேமராவில் மட்டும் விழும் இந்தப் பட்டைக்கும் பெயர் வேண்டும். ‘மினுக்கல்’ என்றால் கண்ணால் பார்ப்பதுபோல ஆகிறது. ‘வரிப்பட்டை’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன்.