கலைச்சொல் விவாதம்: பல பொருளால் ஆன உட்பொருள் – கூட்டா, கலவையா, தொகையா?

மீனா எழுதியது:

வணக்கம். ஏற்றுமதிக்குப் போகும் உணவுப் பொருளின் லேபிள் விவரங்களையும் உட்பொருள் ஆவணங்களையும் வழங்குநரிடம் கேட்கும் கடிதம் ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். "காம்பவுண்ட் இன்கிரிடியன்ட்" என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

பொருள், சீசனிங் தூவிய உருளைக்கிழங்கு சிப்ஸ். "உட்பொருள் பட்டியல் அனுப்பவும்" என்று கேட்டதற்கு வந்த பதில் மூன்றே வரி: உருளைக்கிழங்கு 62%, தாவர எண்ணெய் 32%, சீசனிங் 6%. கேள்விக்குச் சரியான பதில்தான். ஆனால் இதை வைத்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் லேபிள் எழுத முடியாது, அமெரிக்காவுக்கும் முடியாது. சீசனிங் என்பது தானே ஒரு உட்பொருள், அதற்குள்ளும் உட்பொருள்கள். இதைக் குறிக்க ஒரு சொல் வேண்டும். உள்ளே இருப்பவற்றுக்கு இன்னொன்று. வழங்குநர் படித்ததும் புரிந்துகொள்ள வேண்டும், அதுதான் நிபந்தனை.

அன்பழகன்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காம்பவுண்ட் என்றால் சேர்மம். பாடநூலில் இருக்கிறது. "சேர்ம உட்பொருள்" என்று போடுங்கள்.

இன்னொன்று. 5 சதவீதத்துக்குக் குறைவான உட்பொருளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை என்று, உலக நாடுகளுக்கான உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் பொது லேபிள் தரநிலையே சொல்கிறது. சீசனிங்கை ஆறிலிருந்து நாலரையாகக் குறைத்துவிட்டால் இந்தக் கடிதமே தேவைப்படாது.

சாந்தி:

அன்பழகன் ஐயா, பாதிதான் சரி. கோடெக்ஸில் அந்த 5 சதவீத வரி உண்டு. ஆனால் கோடெக்ஸ் தரநிலை துறைமுகத்தில் நிற்பதில்லை, இறக்கும் நாட்டின் சட்டம்தான் நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதிமுறையில் வரம்பு 2 சதவீதம். அதுவும் எல்லாவற்றுக்கும் இல்லை: இயைபு ஒன்றியச் சட்டத்திலேயே வரையறுக்கப்பட்ட உட்பொருளுக்கும், மசாலா அல்லது மூலிகைகள் மட்டுமே சேர்ந்த கலவைக்கும்தான். பால்பொருளும் மாவுச்சத்தும் சேர்ந்த சீசனிங்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அமெரிக்காவில் இப்படி ஒரு விலக்கே இல்லை. அங்கே சொல்லப்படும் 2 சதவீதம் வேறு கதை: அதற்குக் கீழே உள்ளவற்றை எடை வரிசை பார்க்காமல் பட்டியலின் கடைசியில் சேர்த்து எழுதலாம் என்பதுதான், விட்டுவிடலாம் என்பதல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

ஒவ்வாமைப் பொருள் என்று வந்துவிட்டால் எந்தச் சதவீதமும் காப்பாற்றாது. மீனாவின் சிப்ஸையே எடுத்துக்கொள்வோம். சீசனிங் தயாரிப்பவரைக் கேட்டால் இப்படி ஒரு விவரம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் 40, உப்பு 25, பாலிலிருந்து எடுக்கும் வே பவுடர் 15, வெங்காயப்பொடி 11, சோயா சாஸ் பொடி 8, கட்டி பிடிக்காமலிருக்க சிலிக்கன் டை ஆக்சைடு 1. சோயா சாஸ் பொடி சீசனிங்கில் 8 சதவீதம். சிப்ஸில் பார்த்தால் 0.48 சதவீதம், நூறு கிராமுக்கு அரை கிராம்கூட இல்லை. ஆனால் அந்தப் பொடிக்குள் சோயாவோடு கோதுமையும் இருப்பது வழக்கம். கோதுமை என்ற சொல் முதல் அடுக்கிலும் இல்லை, இரண்டாம் அடுக்கிலும் இல்லை. மூன்றாவது அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது. லேபிளில் கோதுமை இல்லாமல் சரக்கு போனால் திரும்பப் பெற வேண்டிய நிலைதான்.

ஆகவே சொல் எதுவானாலும், ஒரு அடுக்கோடு நின்றுவிடாத சொல்லாக இருக்கட்டும்.

"சேர்மம்" கூடாது. வேதியியலில் அது தனிமங்கள் பிணைந்து உருவான புதுப்பொருள். அந்தக் கணக்கில் உப்புதான் சேர்மம், ஆனால் லேபிளில் உப்பு தனி உட்பொருள். நேர்மாறாகப் புரிந்துகொள்வார்கள்.

ரஃபீக்:

லேபிள் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பதுதானே கேள்வி? விற்கும் நாட்டு மக்களுக்கு எளிதில் புரியும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ்ச் சொல்லால் அங்கே பயன் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளிக்கலாம்.

எங்கள் சரக்கு ரொட்டித்தூள் தடவி உறையவைத்த காய்கறி. வழங்குநரிடம் "கலவை உட்பொருள்களின் விவரம் தருக" என்று கேட்டோம். "எங்கள் பொருளில் கலவை எதுவும் இல்லை" என்று பதில் வந்தது. இது சரிதானா?

மீனா:

ரஃபீக் பாய், லேபிளுக்கான சொல் இல்லை, வழங்குநருக்கு எழுதும் கடிதத்துக்கான சொல். ஆனால் நீங்கள் சொன்ன பதில் எனக்குப் பெரிய உதவி. "கலவை உட்பொருள்" என்றுதான் போட இருந்தேன்! ரொட்டித்தூள் கலவை இல்லை. மாவு, ஈஸ்ட், உப்பு, எண்ணெய் எல்லாம் பிசைந்து, சுட்டு, பொடித்தது. அதனால் அவர் பொய் சொல்லவில்லை, நம் சொல்தான் அவருக்கு வழி விட்டுக்கொடுத்திருக்கிறது. மார்ஜரினும் சோயா சாஸும் இப்படித்தான் தப்பிக்கும். சுட்டாலும் புளிக்கவைத்தாலும் உள்ளே போன பொருளைச் சொல்லியாக வேண்டும்.

இளங்கோ:

நான் தமிழ் மட்டும் அறிந்தவன், தொழில் தெரியாது. இலக்கணத்தில் இதற்குப் பொருத்தமான ஒரு வழக்கு இருக்கிறது. "இரவுபகல்" என்பது உம்மைத்தொகை. "உம்" வெளியே தெரியாது, உள்ளே மறைந்திருக்கிறது; விரித்தால் "இரவும் பகலும்". வெளியே ஒரு சொல், உள்ளே மறைந்த உறுப்பு, விரித்தால் வெளிப்படும். உங்கள் சீசனிங்கும் அதுதானே? "தொகை உட்பொருள்" என்போம். உள்ளே இருப்பவை "விரி உட்பொருள்". கடிதத்தில் "தொகை உட்பொருள் ஒவ்வொன்றையும் முற்றும் விரித்துத் தருக". விரித்ததிலும் தொகை இருந்தால் அதையும் விரிக்க வேண்டும் என்பது தானாகவே வந்துவிடும்.

சாந்தி:

அழகான சொல், ஐயா. "விரித்தல்" என்ற வினையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் "தொகை உட்பொருள் விவரம் தருக" என்று ஒரு கணக்குப்பிள்ளையிடம் போனால், உட்பொருளுக்கு எவ்வளவு தொகை ஆகிறது என்று விலைப்பட்டியல் அனுப்புவார். வணிகக் கடிதத்தில் தொகை என்றால் பணம்தான்.

நான் "கூட்டு உட்பொருள்" பக்கம். ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் "காம்போசிட் ப்ராடக்ட்" என்று வேறொரு வகை இருக்கிறது: தாவரப் பொருளும், பதப்படுத்திய விலங்குப் பொருளும் சேர்ந்த உணவு. அதையும் பலர் "கூட்டுப் பொருள்" என்கிறார்கள். மீனாவின் சிப்ஸ் இரண்டிலும் மாட்டும். சீசனிங் கூட்டு உட்பொருள். அதற்குள் இருக்கும் வே பவுடரால் சிப்ஸே காம்போசிட் ஆகிறது. அப்போது லேபிள் கேள்வியோடு முடியாது. அந்த வே பவுடர் ஒன்றியம் ஏற்ற நாட்டில், ஏற்ற ஆலையில் உற்பத்தியானதா என்று கேட்டு ஆலையின் ஒப்புதல் எண்ணை வாங்க வேண்டும். அறை வெப்பநிலையில் கெடாத, இறைச்சி சேராத பொருளுக்கு இறக்குமதியாளர் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரமும் கேட்கப்படும். இரண்டுக்கும் "கூட்டு" என்று போட்டால் ஒரு ஆவணத்தைக் கேட்க இன்னொன்று வரும். அதற்கு "தாவர-விலங்கு இணைப்பொருள்" என்று நீட்டியே எழுதலாம் என்பது என் எண்ணம்.

அன்பழகன்:

சேர்மத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் சிலிக்கன் டை ஆக்சைடையும் லேபிளில் போட வேண்டுமா? ஆறு சதவீதத்தில் ஒரு சதவீதம்!

சாந்தி:

நல்ல கேள்வி. சீசனிங் கட்டி பிடிக்காமல் இருக்க அது வேலை செய்கிறது. சிப்ஸில் அதற்கு வேலை இல்லை. அப்படி உள்ளே வந்து சும்மா இருக்கும் சேர்க்கைப் பொருளை ஒன்றியத்தில் லேபிளில் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வாமைப் பொருளாக இல்லாதவரை. ஆனால் வழங்குநர் அதை நம்மிடம் சொல்லத்தான் வேண்டும். வேலை செய்கிறதா இல்லையா என்று முடிவெடுப்பவர் லேபிள் எழுதுபவர். அதோடு அந்த நாட்டில் அந்தப் பொருளுக்கு அனுமதி உண்டா என்றும் பார்க்க வேண்டும். டைட்டானியம் டை ஆக்சைடை ஒன்றியம் 2022-இல் உணவிலிருந்து விலக்கியது. வேறு சில நாடுகளில் இன்னும் அனுமதி உண்டு. ஆகவே ஒவ்வொரு சேர்க்கைப் பொருளுக்கும் பெயரோடு அது செய்யும் வேலையையும் கேளுங்கள்.

மால்ட்டோடெக்ஸ்ட்ரினுக்கு எந்தத் தானியத்திலிருந்து என்று கேட்க மறக்காதீர்கள். கோதுமையிலிருந்து எடுத்ததை ஒன்றியம் ஒவ்வாமைப் பட்டியலிலிருந்து விலக்கியிருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. "தாவர எண்ணெய்" என்பதும் போதாது. ஒன்றியத்தில் பாமா, சூரியகாந்தியா என்று பெயர் வேண்டும். சுத்திகரித்த நிலக்கடலை எண்ணெய் அமெரிக்காவில் ஒவ்வாமை அறிவிப்பிலிருந்து தப்பும், ஐரோப்பாவில் தப்பாது.

மீனா:

எல்லாவற்றையும் சேர்த்து எழுதிய வரைவு இது:

"உங்கள் பொருளில் உள்ள ஒவ்வொரு உட்பொருளையும், சேர்க்கும்போது உள்ள எடைப்படி பெரியதிலிருந்து சிறியதாக எழுதுங்கள். ஓர் உட்பொருள் தானே பல பொருளால் ஆனதாக இருந்தால் (கூட்டு உட்பொருள்: சீசனிங், சாஸ் பொடி, மார்ஜரின், ரொட்டித்தூள் போன்றவை), கலந்ததோ, சுட்டதோ, புளிக்கவைத்ததோ, அதன் உட்பொருள்களையும் விரித்து எழுதுங்கள். விரித்ததில் இன்னொரு கூட்டு உட்பொருள் இருந்தால் அதையும் விரியுங்கள். எண்ணெய், மாவுச்சத்து, லெசித்தின் ஆகியவை எந்தத் தாவரத்திலிருந்து என்றும், பால், முட்டைப் பொருள்கள் எந்த நாட்டில், எந்த ஆலையில் உற்பத்தியானவை என்றும் குறிப்பிடுங்கள். ஆவணத்தில் தேதியும் பதிப்பு எண்ணும் கையொப்பமும் வேண்டும்."

சீசனிங் தயாரிப்பவர் விகிதத்தைச் சொல்ல மறுத்தால் என்ன செய்வது?

சாந்தி:

விகிதம் அவர்கள் தொழில் ரகசியம், அதில் பிடிவாதம் வேண்டாம். பெயர்களும் எடை வரிசையும் கிடைத்தால் லேபிளின் பெரும்பகுதியை எழுதிவிடலாம். சல்பைட் இருந்தால் மட்டும் அளவு வேண்டும்: ஒன்றியத்தில் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும். பெயரைச் சொல்லவும் மறுத்தால் அந்த சீசனிங் வேண்டாம்.

வரைவில் ஒரு வரி சேருங்கள்: "பகுப்பாய்வுச் சான்று இதற்கு ஈடாகாது." இதைக் கேட்டால் அதைத்தான் முதலில் அனுப்புவார்கள். லாட் எண்ணும் ஈரப்பதம், நுண்ணுயிர் எண்ணிக்கை போன்ற சோதனை முடிவுகளும் இருந்து, உட்பொருள் வரிசை இல்லையென்றால் அது பகுப்பாய்வுச் சான்று. அந்த ஒரு லாட் எப்படி இருந்தது என்று சொல்லும், எதனால் ஆனது என்று சொல்லாது.

இளங்கோ:

"விரியுங்கள்" இடம்பிடித்துவிட்டது, மகிழ்ச்சி. "கூட்டு" என்றால் சாப்பாட்டில் பரிமாறும் கூட்டு நினைவுக்கு வருகிறதே என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். உணவுத் துறைச் சொல்லுக்கு அது சிறிய இடையூறு அல்ல.

ரஃபீக்:

"அடுக்கு உட்பொருள்" என்றால் என்ன? சாந்தி அம்மாவே மூன்றாம் அடுக்கு என்றுதான் சொன்னார்.

மீனா:

அடுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, பாய். இந்த வாரம் போகும் கடிதத்தில் "கூட்டு உட்பொருள்", அடைப்புக்குறிக்குள் அந்த நான்கு எடுத்துக்காட்டுகளோடு. அடுத்த வழங்குநருக்கு "அடுக்கு உட்பொருள்" என்று அனுப்பிப் பார்க்கிறேன். யாரிடமிருந்து மூன்றாம் அடுக்குவரை பதில் வருகிறது என்று இங்கே எழுதுகிறேன்.